பிபிடியிலிருந்து நோட்ஸ்: சானல் தண்ணீரை வைத்து ஒரு செய்முறை

சிவில் இன்ஜினியரிங் நான்காம் செமஸ்டரில் ஹைட்ராலிக்ஸ் பாடத்தின் முதல் யூனிட் தொடங்கியதும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிபிடி வந்து விழும். தலைப்பு, திறந்த கால்வாயில் சீரான ஓட்டம். நாற்பது, ஐம்பது ஸ்லைடு இருக்கும். நடுவில் எங்கோ ஒரு ஸ்லைடில் `R = A/P` என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு செவ்வகப் படம், அவ்வளவுதான். வகுப்பில் அந்த ஒரு வரியைக் காட்டி ஐந்து நிமிடம் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சு ஃபைலில் கிடையாது.

ஸ்லைடு என்பது பேசுகிறவர் மறக்காமல் இருப்பதற்காக வைத்துக்கொள்ளும் குறிப்பு. அதை அப்படியே நோட்டில் இறக்கினால் குறிப்பின் நகல்தான் கிடைக்கும், பாடம் கிடைக்காது. பெரும்பாலும் விட்டுப்போவது மூன்று விஷயங்கள்: சூத்திரம் எங்கே செல்லும் என்ற நிபந்தனை, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய அலகு, எடுத்துக்காட்டில் தாண்டிப் போன வரிகள். இந்த மூன்றையும் திரும்ப உள்ளே வைப்பதுதான் நோட்ஸ் எழுதும் வேலை. குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த யூனிட்டில் ஒரு வசதியும் உண்டு. தோவாளை சானல், அனந்தனார் சானல், மாத்தூர் தொட்டிப்பாலம் என்று பாடம் முழுக்கக் கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஃபைலைச் சரியாகப் பிடிக்க வேண்டும். குழுவில் வருவது பெரும்பாலும் பிடிஎஃப். முடிந்தால் மூல பிபிடியையே கேட்டு வாங்குங்கள். பவர்பாயிண்டில் `View → Notes Page` திறந்தால், ஸ்லைடுக்குக் கீழே பேசுகிறவர் தமக்காக எழுதி வைத்த வரிகள் சில சமயம் இருக்கும். சாதாரணமாக பிடிஎஃப் ஆக்கும்போது அவை உதிர்ந்துவிடும். அனிமேஷன் வைத்த ஸ்லைடு பிடிஎஃப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும், விடை கேள்வியை மறைத்திருக்கும். அதை `Slide Show` ஓட்டி ஒவ்வொரு சொடுக்காகப் பார்த்தால்தான் எது முதலில் வந்தது, எதிலிருந்து எது பிறந்தது என்பது தெரியும்.

பிடிஎஃப்பிலிருந்து சூத்திரத்தை காப்பி பண்ணி ஒட்டாதீர்கள். அடுக்குக்குறி கீழே இறங்கி, R-இன் மேலே சின்னதாக இருந்த 2/3 என்பது `R2/3` என்று சமமாக உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்துக் கால்குலேட்டரில் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்க்கலாம். சூத்திரத்தைக் கையால்தான் எழுத வேண்டும்.

அடுத்து, பென்சிலை எடுத்து ஸ்லைடுகளை ஒரு முறை கடந்து போங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் எழுத்து போதும்: வரையறைக்கு வ, வருவித்தலுக்கு வி, எடுத்துக்காட்டுக்கு எ, அலங்காரத்துக்கு அ. தலைப்பு ஸ்லைடு, 'நன்றி' ஸ்லைடு, அணையின் போட்டோ எல்லாம் அ. மிஞ்சுவதில் வரையறையும் எடுத்துக்காட்டும்தான் நோட்ஸின் எலும்பு. வரிசையையும் ஸ்லைடின் வரிசையிலேயே வைக்க வேண்டியதில்லை. பிபிடியில் 9ஆம் ஸ்லைடில் வந்த சொல்லுக்கு விளக்கம் 31இல் வந்தால், நோட்ஸில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஓரத்தில் ஸ்லைடு எண்ணை மட்டும் குறித்து வையுங்கள், சந்தேகம் வந்தால் திரும்பிப் போகலாம்.

இனி வரையறை. 2 மார்க் கேள்வி இதிலிருந்துதான் வரும், 13 மார்க் கணக்கில் கோட்டை விடுவதும் இதிலேதான். ஸ்லைடில் 'ஹைட்ராலிக் ரேடியஸ் = பரப்பு / வெட்டட் பெரிமீட்டர்' என்று இருக்கும். தப்பில்லை, ஆனால் போதாது. நோட்ஸில் அதே வரையறை இப்படி நிற்க வேண்டும்:

ஹைட்ராலிக் ரேடியஸ் (நீரியல் ஆரம்), குறியீடு R, அலகு மீட்டர். ஓட்டத்துக்குக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் தண்ணீரின் பரப்பை, தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர், தரை ஆகியவற்றின் நீளமான P-ஆல் வகுத்தால் வருவது. தண்ணீரின் மேல்மட்டம் காற்றைத் தொடுகிறது, சுவரை அல்ல. அதனால் அது P-இல் சேராது. பெயரில் ஆரம் இருந்தாலும் இது எந்த வட்டத்தின் ஆரமும் இல்லை. முழுக்க நிரம்பி ஓடும் குழாயில் R என்பது விட்டத்தில் கால் பங்கு, பாதி அல்ல. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ஹைட்ராலிக் டெப்த், D. அது பரப்பை மேல்மட்ட அகலம் T-ஆல் வகுத்தது.

வரையறை, குறியீடு, அலகு, எதைச் சேர்க்கக் கூடாது, எதோடு குழப்பக் கூடாது என்று ஐந்து வரி ஆயிற்று. எல்லாச் சொல்லுக்கும் இத்தனை தேவையில்லை. ஆனால் 'எதோடு குழப்பக் கூடாது' என்பதை மட்டும் எந்த வரையறைக்கும் விடாதீர்கள். R-உம் D-உம் தனித்தனி ஸ்லைடில் இருப்பதால் இரண்டும் வேறு என்பது கண்ணில் படாது. ஓட்டத்தின் வேகத்தைத் தரும் மானிங் சூத்திரத்தில் வருவது R, ஓட்டம் அமைதியானதா இல்லையா என்று காட்டும் ஃப்ரூட் எண்ணில் வருவது D. செவ்வகக் கால்வாயில் D-யும் தண்ணீரின் ஆழம் y-உம் ஒன்றாகவே வந்துவிடும். செவ்வகத்திலேயே பழகினவர், கரை சரிந்த மண் சானலுக்கும் y-ஐயே போட்டுவிட்டு வருவார்.

இன்னொன்று, சீரான ஓட்டம். ஸ்லைடில் 'ஆழம் மாறாது' என்று இருக்கும். எதைப் பொறுத்து மாறாது? நேரத்தைப் பொறுத்து மாறாவிட்டால் அது ஸ்டெடி, கால்வாயின் நீளத்தைப் பொறுத்து மாறாவிட்டால்தான் யூனிஃபார்ம். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதி வையுங்கள். அதன் கீழே நிபந்தனை: குறுக்குவெட்டும் சரிவும் சொரசொரப்பும் மாறாத, நீளமான நேர்க் கால்வாயில்தான் இது அமையும். அப்போது தரையின் சரிவு, நீர்மட்டத்தின் சரிவு, ஆற்றல் கோட்டின் சரிவு மூன்றும் ஒன்றே. மானிங் சூத்திரத்தில் இருக்கும் S உண்மையில் ஆற்றல் கோட்டின் சரிவு. மூன்றும் ஒன்றாக இருப்பதால்தான் தரையின் சரிவை அதில் போட முடிகிறது. சானலில் ஷட்டரை இறக்கிவைத்திருக்கும் இடத்துக்குச் சற்று மேலே போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கி ஆழம் கூடிக்கொண்டே போகும். அங்கே தரைச் சரிவைப் போட்டுக் கணக்கிட்டால் விடை தவறு. இந்த ஒரு வரி பெரும்பாலான பிபிடியில் இருக்காது, வாய்மொழியாகத்தான் வரும். 'மக்களே, இத எழுதிக்கோங்க' என்று சொல்லும் இடம் இதுதான்.

எடுத்துக்காட்டுக்கு வருவோம். ஸ்லைடில் கேள்வி இருக்கும், சூத்திரம் இருக்கும், விடை இருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்து எழுதுவதால் பயனில்லை. விடையை மூடிவைத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'ஏன்' என்று ஒரு சொல்லாவது எழுத வேண்டும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் போன்ற ஒரு கான்கிரீட் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 1966இல் கட்டிய அந்தப் பாலம் பறளியாற்றுக்கு மேலே, இரு மலைகளுக்கு நடுவே தண்ணீரைக் கொண்டுபோகிறது. தொட்டியின் குறுக்குவெட்டு செவ்வகம். கீழே உள்ள அளவுகள் கணக்குக்காக எடுத்தவை, பாலத்தின் அளவுகள் அல்ல. அகலம் 2 மீட்டர், தண்ணீரின் ஆழம் 1.2 மீட்டர், சரிவு 1000க்கு 1, கான்கிரீட்டின் சொரசொரப்பைக் குறிக்கும் n = 0.015. மானிங் சூத்திரம் `V = (1/n) × R^(2/3) × S^(1/2)`.

```
A = 2 × 1.2            = 2.4 m²
P = 2 + 1.2 + 1.2      = 4.4 m
R = 2.4 / 4.4          = 0.545 m
R^(2/3)                = 0.668
S^(1/2) = 0.001^(1/2)  = 0.0316
V = (1/0.015) × 0.668 × 0.0316 = 1.41 m/s
Q = A × V              = 3.38 m³/s
```

வலப்பக்கத்தில் எழுத வேண்டியவை: P-க்கு எதிரே 'தரை, இரு சுவர், மேல்மட்டம் இல்லை'. S-க்கு எதிரே '1000க்கு 1 என்றால் 1/1000'. V-க்கு எதிரே 'மெட்ரிக், ஆகவே மேலே 1'. கடைசி வரிக்கு எதிரே ஒரு சோதனை. 1.41 மீ/வி என்றால் மணிக்கு 5 கிலோமீட்டர். தொட்டிப்பாலத்தின் நடைபாதையில் சற்று எட்டி நடந்தால் தண்ணீரோடு கூடவே போகலாம். நம்பும்படியான வேகம்தான்.

ஃப்ரூட் எண்ணையும் அங்கேயே போட்டுவிடுங்கள். `1.41 / (9.81 × 1.2)^(1/2) = 0.41`. ஒன்றுக்குக் குறைவு, அமைதியான ஓட்டம். இது செவ்வகம் என்பதால் D-க்குப் பதில் y போட்டோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும்.

இனிமேல் செய்வதுதான் இந்த நோட்ஸில் அதிகப் பலன் தரும் பகுதி. சரியான விடைக்குக் கீழே, தவறு செய்தால் என்ன விடை வரும் என்பதையும் போட்டு எழுதி வையுங்கள். பரீட்சைக்கு முந்தின இரவில் போட்டுப் பார்க்கும்போது விடை ஒத்துப்போகவில்லை என்றால், எந்தத் தவறு என்பதை எண்ணே காட்டிக்கொடுக்கும்.

மேல்மட்டத்தையும் P-இல் சேர்த்தால் P = 6.4, Q = 2.63. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், ஆனால் பார்வைக்குத் தவறாகத் தெரியாது. அடுக்குக்குறிக்கு அடைப்பு போடாமல் கால்குலேட்டரில் `R^2/3` என்று அடித்தால் அது R-இன் இருமடியை மூன்றால் வகுத்துவிடும், Q = 0.50. பிடிஎஃப்பில் காப்பி பண்ணின சூத்திரம் கொண்டுவந்து சேர்க்கும் இடம் இதுதான். சரிவு 0.1% என்று ஸ்லைடில் இருக்க, 0.1 என்றே போட்டால் S நூறு மடங்கு கூடும், வர்க்கமூலம் எடுக்கும்போது Q பத்து மடங்காகி 33.8 வரும். வேகம் வினாடிக்கு 14 மீட்டர், மணிக்கு 50 கிலோமீட்டர். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் போகும் பஸ்ஸின் வேகத்தில் தொட்டியில் தண்ணீர் ஓடாது. இது தானாகவே மாட்டிக்கொள்ளும் தவறு.

நான்காவது, 1.49. அமெரிக்கப் புத்தகத்திலிருந்து எடுத்த ஸ்லைடில் மானிங் சூத்திரம் `1.49/n` என்று தொடங்கும். ஒரு மீட்டரில் 3.28 அடி, அதன் கனமூலம் 1.49. அடியில் அளக்கும்போது மட்டும் அந்த எண் வேண்டும். ஒரே பிபிடியில் ஒரு ஸ்லைடு அடியிலும் அடுத்த ஸ்லைடு மீட்டரிலும் இருப்பது அபூர்வமல்ல, இரண்டு புத்தகங்களிலிருந்து எடுத்துச் சேர்த்திருப்பார்கள். மீட்டர் அளவுக்கு 1.49 போட்டால் Q = 5.03. நோட்ஸில் சூத்திரத்தை மெட்ரிக்கில் மட்டும் எழுதி, மற்றதை அடிக்குறிப்புக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது மண் சானல். தோவாளைப் பக்கம் பார்த்திருப்பீர்கள், கரை இருபுறமும் சரிந்திருக்கும். அடி அகலம் 3 மீட்டர், ஆழம் 1 மீட்டர், கரைச் சரிவு 1.5:1, தரைச் சரிவு 2500க்கு 1, n = 0.025 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு 1.5:1 என்பதில் எது கிடை, எது செங்குத்து? பிபிடியில் சொல்லியிருக்காது. 1.5 கிடை, 1 செங்குத்து என்று எடுத்தால்:

```
A = (3 + 1.5×1) × 1          = 4.5 m²
P = 3 + 2×(1 + 1.5²)^(1/2)   = 6.61 m
R = 0.681 m,  R^(2/3) = 0.774
V = (1/0.025) × 0.774 × 0.02 = 0.62 m/s
Q = 2.79 m³/s
```

தலைகீழாக எடுத்தால் Q = 2.27 வரும். வேகம் இரண்டிலும் 0.62தான், ஆகவே வேகத்தை வைத்துச் சோதித்தால் இந்தத் தவறு பிடிபடாது. இதற்கு ஒரே வழி படம். வரையறைக்குப் பக்கத்தில் கரையை வரைந்து, செங்குத்தாக 1, கிடையாக z என்று அம்புக்குறி போட்டுவிடுங்கள். பிபிடியில் இருக்கும் அழகான வண்ணப் படத்தைவிட இந்தக் கோணல் பென்சில் படம் உதவும்.

இதே சானலில் பாசியும் செடியும் மண்டினால் n 0.035 வரை ஏறலாம். Q 1.99 ஆகிவிடும், கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைவு. தூர்வாராத சானலின் கடைமடையில் ஏன் தண்ணீர் எட்டுவதில்லை என்று கேட்பவர்களுக்கு விடையில் ஒரு பாதி இது. n-ஐ அட்டவணையிலிருந்து எடுக்கும்போது ஒற்றை எண்ணாக எடுக்காமல், எந்த நிலையிலுள்ள கால்வாய்க்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டியது இதனால்தான்.

ஃப்ரூட் எண்ணுக்கு இங்கே T = 6, ஆகவே D = 4.5/6 = 0.75, Fr = 0.23. y-ஐயே போட்டால் 0.20. மேலே வரையறையில் எச்சரித்தது இதற்குத்தான், இரண்டு பக்கங்களையும் ஓர் அம்புக்குறியால் இணைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஸ்லைடுகளிலேயே மோசமான ஒரு வரி: 'ட்ரையல் அண்ட் எர்ரர் முறையில், y = 0.96 மீ.' Q-வைக் கொடுத்து ஆழத்தைக் கேட்கும் கணக்கு இது. 13 மார்க்கில் வரக்கூடியது, ஆனால் ட்ரையல் ஒன்றுகூட ஸ்லைடில் இருக்காது. நோட்ஸில் அட்டவணையை முழுசாகப் போடுங்கள். முதல் கணக்கின் கான்கிரீட் தொட்டியிலேயே Q = 2.5 வேண்டும் என்று வைத்துக்கொண்டால்:

```
y (m)    A      P      R       Q
1.20    2.40   4.40   0.545   3.38
0.80    1.60   3.60   0.444   1.96
0.95    1.90   3.90   0.487   2.48
0.96    1.92   3.92   0.490   2.52
```

முதல் இரண்டு வரிகள் விடையை நடுவில் சிக்கவைக்கின்றன: 1.2 கூடுதல், 0.8 குறைவு. 2.5 இருப்பது 1.96க்கும் 3.38க்கும் இடையில் பாதிக்குச் சற்றுக் கீழே, அதனால் மூன்றாவது ஊகம் 0.95. அங்கிருந்து ஒரு படி ஏறினால் தாண்டிவிடுகிறது. ஆகவே 0.956. ஸ்லைடில் 0.96 என்று முழுமையாக்கியிருக்கிறார்கள், தவறில்லை. இந்த ஊகங்களுக்கான காரணத்தை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவிட்டால், எண்கள் மாறி வந்தாலும் கை நிற்காது.

எழுதும்போது தீராத சந்தேகங்களைக் கடைசிப் பக்கத்தில் ஸ்லைடு எண்ணோடு சேருங்கள். 'மானிங் புரியவில்லை' என்று எழுதினால் கேட்கப் போகும்போது முழு வகுப்பையும் திரும்ப எடுக்கச் சொன்ன மாதிரி ஆகும். '22ஆம் ஸ்லைடில் கரைச் சரிவு 1.5:1, எது கிடை?' என்று கேட்டால் ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்று அரை நிமிடத்தில் விடை வாங்கிவிடலாம்.

நாற்பத்தைந்து ஸ்லைடு இப்படி ஏழெட்டுப் பக்கமாகச் சுருங்கும், இரண்டு மாலை பிடிக்கும். அதற்குள் வருவித்தலை எங்கே வைப்பது என்று கேட்கலாம். மானிங் சூத்திரத்துக்கு வருவித்தல் கிடையாது, அளந்து பார்த்த தரவுகளிலிருந்து பொருத்திய சூத்திரம் அது, ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்தது. வேகத்துக்கான இன்னொரு சூத்திரமான செசி சூத்திரத்துக்கு உண்டு. தண்ணீரின் எடையில் சரிவு வழியே இழுக்கும் பங்கும் சுவர் உராய்வும் சமம் என்பதிலிருந்து வரும் நாலு வரி அது, பாதிப் பக்கத்தில் முடிந்துவிடும்.